இருமுனை ஊசிகளுக்கு நடுவே விழும் ஏணி

தில்லியில் தீபாவளி முடிந்த கையோடு என் பின்னல் வகுப்பு நிறைந்துவிடும். போன வாரம் மயூர் விஹாரிலிருந்து வரும் பெண் ஒருத்தி, மூன்று இருமுனை ஊசிகளில் வட்டமாகக் கணுக்கால் வரை பின்னிய காலுறையை நீட்டினாள். "மாமி, கண்ணி எங்கேயோ நழுவிடுத்து போல. ஏணி மாதிரி கோடு விழறது."

எண்ணிப் பார்த்தோம். 40 கண்ணியும் ஊசிகளில் இருந்தன. கண்ணி நழுவினால் எண்ணிக்கை குறையும், கோட்டின் அடியில் ஒரு வளையம் தனியாக நிற்கும். இங்கே இரண்டுமே இல்லை. கோடு விழுந்த இடமோ சரியாக ஓர் ஊசி முடிந்து அடுத்தது தொடங்கும் மூலை.

ஒரே ஊசியில் உள்ள கண்ணிகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். மூலையில் இரண்டு ஊசிகளும் வெவ்வேறு பக்கம் சாய்வதால் கடைசிக் கண்ணியும் முதல் கண்ணியும் விலகுகின்றன. நடுவிலுள்ள நூல் அந்த இடைவெளிக்கேற்ப நீண்டுவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் நீள்வதால் அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏணிப்படிபோல அடுக்குகின்றன.

முதல் கண்ணியை இறுக்கி இழு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது போதாது. கையை விட்டதும் அந்தக் கண்ணி மறுபடி தளரும். முதல் கண்ணியைச் சாதாரணமாகப் பின்னிவிட்டு, இரண்டாவதில் ஊசியை நுழைத்தபின் நூலை இழுங்கள். அப்போது முதல் கண்ணி ஊசியில் பிடிபட்டிருக்கும், மிச்ச நூல் இரண்டாவதற்குப் போய்விடும். முதல் கண்ணியைப் பின்னும்போது வலதுகை ஊசியைப் பழைய ஊசியின் கடைசிக் கண்ணியோடு ஒட்டிப் பிடிப்பதும் முக்கியம். ஆனால் பலங்கொண்டு இழுத்தால் அந்த வரிசை சுருங்கி வேறொரு கோடாகத் தெரியும்.

அவளுடைய காலுறையில் இன்னொரு சிக்கல் இருந்தது. இரண்டு சீதா, அதாவது நேர்க் கண்ணி, இரண்டு உல்டா, அதாவது தலைகீழ்க் கண்ணி என்று மாறி மாறிப் போகும் ரிப் பின்னல் அது. 40 கண்ணியை 13, 13, 14 என்று மூன்று ஊசிகளில் பிரித்திருந்தாள். அப்படிப் பிரித்ததில் மூன்றாவது ஊசி 27ஆவது கண்ணியில், அதாவது உல்டாவில் தொடங்கியது. சீதாவிலிருந்து உல்டாவுக்கு மாற நூலை முன்பக்கம் கொண்டுவர வேண்டும், அதற்குக் கூடுதல் நூல் போகும். இடைவெளியும் அதே இடத்தில் இருந்தால் ஏணி அகலமாகாமல் என்ன செய்யும்? 12, 12, 16 என்று மாற்றச் சொன்னேன். இப்போது மூன்று ஊசியும் சீதாவில் தொடங்கும்.

ஐந்து ஊசி செட் வைத்திருந்தால் கண்ணிகளை நான்கில் பிரிக்கலாம், மூலையின் வளைவு குறையும். ரிப் இல்லாத வெறும் சீதாப் பகுதியில் ஒவ்வொரு ஊசியின் முடிவிலும் அடுத்த ஊசியிலிருந்து ஒரு கண்ணியைக் கூடுதலாகப் பின்னி மூலையையே நகர்த்திவிடலாம். சுற்று தொடங்கும் இடத்துக்கு மட்டும் வளையக் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே விழுந்த ஏணி லேசாக இருந்தால், ஊசி முனையால் மிச்ச நூலைப் பக்கத்துக் கண்ணிகளுக்கு நகர்த்தி, நனைத்துக் காயவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அவளுடைய 27ஆவது கண்ணி ஏணி அதற்கு அடங்கவில்லை. மேல்விளிம்பு வரை பிரித்துவிட்டு மறுபடி பின்னினாள். பத்துச் சுற்று முடிந்ததும் கைக்குள் நுழைத்து விரித்துப் பார்த்தோம். மூலை எங்கே என்று ஊசியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.