"நீதானே வேணாம்னு சொன்ன?": வாட்ஸ்அப்பில் பங்கு பிரிக்கும் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளுக்கு

செல்போனை மேஜைமேல் வைத்து, "சார், இதுல அவளே வேணாம்னு எழுதியிருக்கா, இது போதும்ல?" என்று கேட்கும் கட்சிக்காரர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். போதாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

கீழே இருப்பது ஒரே குடும்பத்தின் உரையாடல் அல்ல. நான் பார்த்த சில வழக்குகளைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். அப்பா தன் சம்பளத்தில் இடம் வாங்கி, வீடு கட்டி, உயில் எழுதாமல் 2019-இல் இறந்துவிட்டார். அம்மா, கல்யாணமான அக்கா, தம்பி ஆகிய மூவர்தான் வாரிசுகள். அப்பா போய் இருபது நாள்கூட ஆகவில்லை.

ஜூலை 2019

தம்பி: அக்கா வாரிசு சர்டிபிகேட் எழுதிக் கொடுக்கணும். உன் ஆதார் அனுப்பு
அக்கா: அனுப்பிட்டேன்டா. அம்மா சாப்பிட்டாங்களா
தம்பி: ரெண்டு இட்லி. வீட்டை என்ன செய்றதுன்னு மாமா கேட்டாரு
அக்கா: அது எதுக்குடா இப்ப. எனக்கு ஒண்ணும் வேணாம், நீயே வச்சுக்க. அம்மாவை நல்லாப் பாத்துக்க, அது போதும்
தம்பி: 🙏

இந்த "வேணாம்"தான் நம்ம ஊர் பாகப்பிரிவினை வழக்குகளில் பாதி எதிருரைகளில் வந்து உட்கார்ந்திருக்கும். அப்பா இறந்த அந்த நொடியில், 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன், மகள் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டது. (கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வாரிசுச் சட்டம் வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அப்படி வந்த பங்கை அக்கா தம்பிக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமானால் முத்திரைத்தாளில் விடுதலைப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் முன்னால் நேரில் கையெழுத்தும் கைரேகையும் வைத்துப் பதிய வேண்டும். நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தில் இருக்கும் உரிமையை எழுதிக்கொடுத்து விட பதிவு கட்டாயம். வாட்ஸ்அப்பில் சொன்னாலும், குரல் பதிவில் அழுதுகொண்டே சொன்னாலும், ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் முன்னால் வெற்றுத்தாளில் எழுதிக் கொடுத்தாலும் பங்கு அவர் பேரிலேயேதான் இருக்கும். "ஆனா அவளேதான சார் சொன்னா" என்று மறுபடி கேட்பீர்கள். ஆமாம், சொன்னார். சொன்னதுக்குச் சாட்சி இருக்கிறது. பங்கு மாறியதுக்குத்தான் பத்திரம் இல்லை.

மார்ச் 2022

அக்கா: டேய் மாமாவுக்கு வேலை போயிருச்சு. பையனுக்கு காலேஜ் பீஸ் கட்டணும். வீட்டுல என் பங்கு பத்திப் பேசணும்
தம்பி: எந்தப் பங்கு
தம்பி: நீதானே வேணாம்னு சொன்ன? மெசேஜ் அப்படியே இருக்கு
அக்கா: அம்மாவைப் பாத்துக்கன்னுதான் சொன்னேன். அம்மா எங்க வீட்டுக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. ஒரு போன் பண்ணுனியா
தம்பி: 40 பவுன் போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு. உனக்கு இந்த வீட்டுல பங்கு கிடையாது
அக்கா: அந்த நாப்பதுல 22 பவுன் உன் கடைக்கு அடகு வச்சுக் கொடுத்தது மறந்துருச்சா
தம்பி: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*
அக்கா: படிச்சிட்டேன்டா

நகை போட்டதால் பங்கு போகாது, அவ்வளவுதான். அடகு வைத்துக் கொடுத்த 22 பவுனுக்கும் வீட்டுப் பங்குக்கும்கூடச் சம்பந்தமில்லை. கொடுத்த கடனைக் கேட்டு வழக்குப் போட பொதுவாக மூன்று வருடம்தான், பல அக்காக்கள் அதைத் தாண்டிய பிறகே என்னிடம் வருகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய வரி "உனக்கு இந்த வீட்டுல பங்கு கிடையாது" என்பது. கூட்டுச் சொத்தில் ஒருவர் குடியிருப்பதாலேயே மற்றவர் பங்கு அழியாது. ஆனால் பங்கே இல்லையென்று முகத்துக்கு நேரே மறுத்துவிட்டு, அதன்பின் தனக்கே சொந்தமாக அனுபவித்து வந்தால், மறுத்த நாளிலிருந்து 12 வருடக் கணக்கை எதிர்த்தரப்பு வக்கீல் எண்ண ஆரம்பிப்பார். முன்பெல்லாம் அந்த நாள் எது என்பதற்கே குறுக்கு விசாரணையில் இரண்டு வாய்தா போகும். இப்போது தேதி, மணி, நீல டிக் எல்லாம் போனிலேயே இருக்கிறது. ஆகவே அக்காமார்களே, "கூடப்பிறந்தவன்தானே, மனசு மாறுவான்" என்று 2034 வரை காத்திருக்காதீர்கள்.

நவம்பர் 2023

அக்கா: அம்மாவுக்கு மூச்சு விட முடியல. ஆஸ்பத்திரில சேத்திருக்கோம்
அக்கா: ஐசியூவுக்கு மாத்திட்டாங்க
அக்கா: உன்னத்தான் கேக்குறாங்க
தம்பி: எந்த ஆஸ்பத்திரி

*(ஒன்பது நாள் கழித்து)*

தம்பி: பதினாறாம் நாள் காரியம் என் வீட்ல. வர்றதுன்னா வா
அக்கா: அது அப்பா வீடு

இதற்குப் பிறகு செய்தி எதுவும் இல்லை. அடுத்து போனது வக்கீல் நோட்டீஸ்.

அம்மாவும் உயில் எழுதவில்லை. அதனால் அவருடைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் இருவருக்கும் சமமாகப் பிரிந்து, அக்காவின் பங்கு வீட்டில் சரிபாதியாக உயர்ந்துவிட்டது. 2019-இல் சொன்ன "வேணாம்" செல்லும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், அம்மா உயிரோடு இருக்கும்போது அவர் பங்கில் மகளுக்கு விட்டுக்கொடுக்க எந்த உரிமையும் இல்லை. தம்பி இதை எதிர்பார்க்கவில்லை. வீட்டை விற்க முன்பணம்கூட வாங்கிவிட்டார். முழு வீட்டுக்கும் அவர் கிரயம் எழுதிக் கொடுத்தாலும் வாங்குபவருக்குத் தம்பியின் பாதி மட்டுமே வந்து சேரும். வாங்குபவர்களும் வாரிசுச் சான்றில் எத்தனை பெயர், பத்திரத்தில் எத்தனை கையெழுத்து என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

அப்புறம் இந்தப் போன் விஷயம். கோபத்தில் உரையாடலை அழித்துவிட்டு வருகிறார்கள், அழித்ததைச் சொல்லாமல் வேண்டிய இடத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வருகிறார்கள். எதிர்த்தரப்பிடம் முழுதும் இருக்கும், அய்யா. அம்மா பற்றிய வரியை வெட்டிவிட்டு "நீயே வச்சுக்க" என்பதை மட்டும் தாக்கல் செய்தால், மீதியை அவர்கள் தாக்கல் செய்யும்போது நீங்கள் சொல்லும் உண்மையையும் நீதிபதி நம்பமாட்டார். உரையாடலை முதலிலிருந்து முழுதாக ஏற்றுமதி செய்து, பேக்கப் எடுத்து வையுங்கள். வழக்கு முடியும்வரை அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி அச்செடுத்த உரையாடலோடு சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதி நீங்கள் கொடுப்பது, மறு பகுதி நிபுணர் கொடுப்பது. கடைசி வாய்தாவுக்கு முந்தின நாள் இதைக் கேட்டு ஓடி வராதீர்கள்.

தம்பிமார்களே, அக்கா நிஜமாகவே வேண்டாம் என்கிறாரா? அப்படியானால் அவர் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய்ப் பத்திரம் போடுங்கள், அந்தச் செலவு பொதுவாக வழக்குச் செலவைவிடக் குறைவு. வர மறுக்கிறார் என்றால் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று அர்த்தம். அக்காமார்களே, அப்பா பேரில் இருந்த வீட்டுக்கு tnreginet.gov.in தளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பார்ப்பதற்குக் காசு கிடையாது. உங்கள் கையெழுத்தில்லாமல் ஏதாவது பதிவாகியிருந்தால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

வழக்குப் போட்டபிறகும் சமாதானம் பேசலாம், அது தோற்றுப்போனதாக ஆகாது. சமரச மையத்தில் உட்கார்ந்து பேசி முடித்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் முழுதும் திரும்பக் கிடைக்கும். வெளியில் தாங்களாகவே பேசி முடித்து வந்தாலும் கிடைக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கிறது. மேலே சொன்னவர்களைப் போன்ற ஒரு அக்காவும் தம்பியும் போன மாதம் அங்கேதான் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடமும் எதிர்த்தரப்பு வக்கீலிடமும் சொன்னார்கள். அடுத்த தேதி 18.