மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரம்

76 வயது, 45 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டியைக் கற்பனை செய்துகொள்வோம். ரத்த அழுத்தத்துக்காகப் பல வருடங்களாக ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற தயசைடு வகை மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் 5 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரத்தில் 10 ஆக்கியிருக்கிறார்கள். மூன்றாவது வாரம் எப்போதும் அசதியாகப் படுத்தே இருக்கிறார், சாப்பாடு வேண்டாம் என்கிறார், நடக்கும்போது தள்ளாடுகிறார், கேட்டதையே திரும்பக் கேட்கிறார். மனச்சோர்வு முற்றிவிட்டது, மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டும் என்றுதான் வீட்டாருக்குத் தோன்றும். சில நேரம் மருத்துவருக்கும் தோன்றும். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால் சோடியம் 126. இயல்பாக இருக்க வேண்டியது லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல்.

உடலில் தண்ணீர் குறையும்போது மூளையிலிருந்து ஏடிஎச் என்ற ஹார்மோன் சுரந்து, சிறுநீரில் தண்ணீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். எஸ்சிடலோபிராம் போல, செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைக் கூட்டும் மருந்துகள் இந்த ஹார்மோனைத் தேவையில்லாத நேரத்திலும் சுரக்க வைக்கின்றன. தண்ணீர் உள்ளேயே தங்கி, ரத்தத்தில் இருக்கும் சோடியம் நீர்த்துப்போகிறது. ஆக, இங்கே பிரச்சினை பெரும்பாலும் உப்புக் குறைவு அல்ல, தண்ணீர் மிகுதி. சாப்பாட்டில் உப்பைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பதும், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் தவறாகப் போவது இதனால்தான். சாதாரண சலைன் ஏற்றினாலும் சிலருக்குச் சோடியம் இன்னும் இறங்கும். சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளிவிட்டுத் தண்ணீரை மட்டும் பிடித்து வைத்துக்கொள்வதே காரணம்.

நம் மூதாட்டியிடம் ஆபத்துக் காரணிகள் ஒன்றுகூடி நிற்கின்றன: முதுமை, பெண் என்பது, மெலிந்த உடல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தயசைடு. அதுவும் தன் பங்குக்குச் சோடியத்தை இறக்கும். இரண்டும் சேரும் இடத்தில்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

மாத்திரையின் மேல் சந்தேகம் வர முக்கியமான தடயம், காலக்கணக்கு. பெரும்பாலும் முதல் நான்கு வாரங்களுக்குள்தான் சோடியம் இறங்கும். அதனால் மருந்து தொடங்கும் முன் ஒருமுறை, இரண்டாம் வாரம் ஒருமுறை, நான்காம் வாரம் ஒருமுறை பார்ப்பது நல்ல திட்டம். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு முதல் வார முடிவிலேயே ஒரு பரிசோதனை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அளவை மாற்றினாலோ புதிய மருந்து சேர்ந்தாலோ கணக்கு மறுபடி முதலிலிருந்து. மருந்துக்கு முந்தைய சோடியம் தெரியாவிட்டால், 132 என்பது புதிதாக இறங்கியதா, பழையதா என்று சொல்ல முடியாது. சோடியம் குறைந்திருந்தால் ரத்தம், சிறுநீர் இரண்டின் அடர்த்தியையும் சிறுநீர்ச் சோடியத்தையும் பார்ப்பார்கள். ரத்தம் நீர்த்திருக்க, சிறுநீர் மட்டும் அடர்த்தியாக வந்தால் ஏடிஎச் மேல் சந்தேகம் வலுக்கும். தைராய்டு, கார்டிசால் ஹார்மோன் குறைபாடுகளையும் விலக்கிவிட வேண்டும்.

சரி, 126 வந்தாகிவிட்டது. வலிப்பு, வாந்தி, கடும் மயக்கம் இருந்தால் அது அவசர சிகிச்சை, அடர்த்தியான உப்புநீர் தேவைப்படலாம். அப்போதும் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயரவிடக் கூடாது. அவசரப்பட்டு ஏற்றினால் மூளை நரம்புகளின் உறை சிதைந்துபோகும். இவருக்கு லேசான குழப்பம் மட்டுமே என்பதால் மருத்துவமனைக் கண்காணிப்பில் எஸ்சிடலோபிராமை நிறுத்துகிறார்கள். சில வாரங்களே சாப்பிட்டதால் உடனே நிறுத்தலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு, குறிப்பாக பரோக்செடின், வென்லாஃபாக்சின் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் விலகல் தொல்லைகள் வரும் என்பதையும் எடைபோட வேண்டும். தயசைடுக்குப் பதில் அம்லோடிபின். குடிக்கும் நீர் நாளுக்குச் சுமார் ஒரு லிட்டர். சோடியத்தைத் தினமும் பார்க்கிறார்கள். பொதுவாக ஓரிரு வாரத்தில் இயல்புக்குத் திரும்பும். ஃப்ளுவாக்சடின் என்றால் உடலில் வாரக்கணக்கில் தங்குவதால் இன்னும் தாமதமாகும்.

அப்புறம் மனச்சோர்வுக்கு என்ன செய்வது? எஸ்சிடலோபிராமை விட்டு செர்ட்ராலினுக்கோ டுலோக்செடினுக்கோ போவதில் பயனில்லை, அதே வழியில் அவையும் சோடியத்தை இறக்கும். அளவைக் குறைத்துப் பார்ப்பதும் நம்பகமானதல்ல. புப்ரோபியானில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் வலிப்பு வரும் வாய்ப்பை அது கூட்டும், சோடியம் குறைந்திருப்பதும் அதே வாய்ப்பைக் கூட்டும். அதனால் இப்போதைக்கு வேண்டாம். இவருக்கு மிர்ட்டாசபின் பொருந்தும். பசியும் தூக்கமும் கூடும், மெலிந்த இவருக்கு அது நல்லதே. சோடியம் இயல்பை நெருங்கியபின் இரவில் 7.5 மில்லிகிராமில் தொடங்கலாம். மிர்ட்டாசபினும் அபூர்வமாகச் சோடியத்தை இறக்கும் என்பதால் ஒரு வாரத்திலும், இரண்டாம், நான்காம் வாரங்களிலும் மறுபடி ரத்தப் பரிசோதனை உண்டு.