புள்ளைக்குப் பால் காணுதில்லயா?

கைப்புள்ள இரிக்கிற வீடுகள்ல இந்தக் கதை பெரும்பாலும் மூணாவது கிழமையிலதான் வரும். பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகு புள்ள அழத் தொடங்கும், தாய் தூக்கிப் பால் குடுத்தா பத்து நிமிசம் குடிக்கும், விடும், திரும்பவும் அழும், இப்பிடியே ராவு ஒம்பது மணி வரைக்கும் இழுபடும். மார்பத் தொட்டுப் பாத்தா முதல் கிழமையில இருந்த மாதிரி இறுகியும் இல்ல. அப்ப மாமி சொல்லுவா, "மகள், உனக்குப் பால் காணாது போல, ஒரு போத்தல் பால்மா கரைச்சுக் குடுப்பமே" என்டு. அவ கெட்ட எண்ணத்தில சொல்லல்ல, பேரப்புள்ள அழுறதத் தாங்க ஏலாம சொல்றா. ஆனா அந்த ஒரு போத்தல்ல என்ன நடக்குது என்டதத்தான் இங்க சொல்லப்போறன்.

மார்பு உன்னிச்சைக் குளம் மாதிரி முதல்ல நிறைஞ்சு கிடந்து பிறகு திறந்து விடுற ஒண்டில்ல. புள்ள குடிச்சுக்கொண்டு இருக்கக்குள்ளயும் பால் ஊறிக்கொண்டுதான் இரிக்கும். புள்ள சப்பினா மூளையில இருந்து ரெண்டு ஹோர்மோன் வரும், புரோலக்டின் பால உண்டாக்கும், ஒக்சிடோசின் உண்டான பால வெளியில தள்ளும். இது ரெண்டையும் விட முக்கியமான ஒரு விசயம் மார்புக்குள்ளயே நடக்குது. குடிக்காம உள்ளுக்குத் தங்கி நிக்கிற பால், பால் செய்யிற கலங்களுக்கு "போதும், மெதுவாச் செய்" என்டு சொல்லும். காலியாக் காலியா வேகமாச் செய்யும். ரெண்டு மார்பும் இதத் தனித்தனியாச் செய்யும், அதாலதான் ஒரு பக்கம் மட்டும் குடுக்கிற தாய்க்கு மத்தப் பக்கம் வத்திப் போகுது.

இப்ப ஒரு கணக்குப் பாப்பம். புள்ள பிறக்கக்குள்ள 3 கிலோ. அஞ்சாம் நாள் 2.8 கிலோ. இதப் பாத்துப் பயப்படத் தேவல்ல, முதல் நாட்கள்ல பத்து வீதத்துக்குள்ள குறையிறது வழமை, இங்க ஏழு வீதம்தான். பதினாலாம் நாள் 3.08 கிலோ, அதாவது பிறந்த நிறையத் தாண்டிற்று. இருபத்தோராம் நாள் 3.28 கிலோ. ஒரு கிழமையில 200 கிராம், நாளைக்கு கிட்டத்தட்ட 29 கிராம். இந்த வயசில நாளைக்கு 20 தொடக்கம் 30 கிராம் ஏறினா நல்ல ஏத்தம். அப்ப இந்தப் புள்ளைக்குப் பால் காணும், அழுதாலும் காணும். பின்னேரத்தில மார்பு காலையில போல நிறைஞ்சு இருக்காது, புள்ள கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடிக்கும், அந்த நேரத்துப் பால்ல கொழுப்பும் கூட. அதோட மூணாம் கிழமை, ஆறாம் கிழமை எல்லாம் புள்ள திடீரெண்டு கூடக் குடிக்கிற காலங்கள்.

ஆனா வீட்டில அன்டு ராவு ஒம்பது மணிக்கு 60 மில்லி மா, விடியச்சாமம் ரெண்டு மணிக்கு இன்னொரு 60 மில்லி. புள்ள நல்லா நித்திர கொண்டிட்டு. மா சமிக்க நேரம் கூட எடுக்கும், போத்தல்ல பால் தானா வந்து விழும், அதால வயிறு முட்டி உறங்கிற்று, ஆனா எல்லாரும் "பாத்தீங்களா, பசிதான்" என்டு முடிவெடுத்தாச்சு. அந்த ரெண்டு நேரமும் மார்பு காலியாகல்ல. அதுவும் புரோலக்டின் ராவிலதான் கூட இரிக்கும், அப்ப ராவுப் பாலத் தவற விடுறது பகல்ல விடுறத விட நட்டம். ஒரு கிழமையில பால் உண்மையாவே குறையும், புள்ள இன்னும் கூட அழும், ரெண்டு போத்தல் நாலாகும். "நான் அப்பவே சொன்னன்" என்டு மாமி சொல்றது அப்ப சரியாப் போயிரும், அதுதான் இதில உள்ள வில்லங்கம்.

ராவு ரெண்டு மணிக்குக் குடுக்காம விட்டா இன்னொன்டும் நடக்கலாம். விடியக்குள்ள ஒரு பக்கம் கட்டி, சிவந்து, தொட ஏலாம நொந்து, காய்ச்சலும் குளிரும் வரும். பால் கட்டினா அந்தப் பக்கம் குடுக்கக் கூடாது என்டு சொல்லுவாங்க, அது பிழை. குடுக்கத்தான் வேணும், புள்ளைக்கு ஒண்டும் ஆகாது. போட்டு அமுக்கித் தேய்க்காம குளிர்ந்த துணி வைங்க, பரசிட்டமோல் எடுக்கலாம், ஒரு நாளைக்குள்ள குறையல்ல என்டா டொக்டரக் காட்டுங்க, அன்டிபயட்டிக் தேவைப்படலாம்.

சரி, உண்மையாவே காணுதா இல்லயா என்டு எப்பிடித் தெரியும்? அஞ்சாம் நாளுக்குப் பிறகு 24 மணித்தியாலத்தில ஆறு தரமாவது சலம் போகணும், நிறம் வெளிறி இருக்கணும். பம்பஸ் போட்டா இத எண்ண ஏலாது, எல்லாத்தையும் உறிஞ்சிரும், ஒரு நாளைக்கு மட்டும் துணி நெப்பி கட்டிப் பாருங்க. அதே அஞ்சாம் நாளுக்குள்ள கறுத்த மலம் மஞ்சளா மாறியிருக்கணும். ரெண்டு கிழமையாகியும் பிறந்த நிறை வரல்ல, சலம் குறைவு, புள்ள எழுப்பியும் குடிக்காம உறங்குது என்டா அது வேற கதை, தாமதிக்க வேணாம். தைரொயிட் பிரச்சினை, பிரசவத்தில நிறைய ரத்தம் போனது, நச்சுக்கொடித் துண்டு உள்ளுக்கு நிண்டது, மார்பில முந்திச் செஞ்ச ஒப்பரேசன், இப்பிடிச் சிலருக்கு உண்மையாவே பால் குறையும், அவங்களுக்கு டொக்டர் சொல்லி மா குடுக்கிறதில பிழையே இல்ல. பால்சுறா வறையும் முருங்கை இலையும் தாய்க்கு நல்ல சாப்பாடு, ஆனா மார்பு காலியாகாம அது தனியா ஒண்டும் செய்யாது.

நம்மட கணக்குப் புள்ளைக்குத் திரும்ப வருவம். மிட்வைஃப் வந்தா முதல்ல வாய் வைக்கிற விதத்தத்தான் பாப்பா. வாய் நல்லாத் திறந்து, கீழ் உதடு வெளியில மடிஞ்சு, நாடி மார்பில முட்டி, கறுத்த வட்டத்தில கீழ்ப் பக்கம் கூடுதலா வாய்க்குள்ள போயிருக்கணும். காம்ப மட்டும் பிடிச்சா காம்பு வெடிக்கும், பாலும் வராது. மறுகா போத்தல ஒரேயடியா நிப்பாட்டாம 60 மில்லிய 45, 30 என்டு குறைச்சு, ஒவ்வொரு முறையும் முதல்ல ரெண்டு பக்கமும் குடுத்து, நாலஞ்சு நாளைக்கொருக்கா நிறை பாத்துப் போகலாம். நிறை ஏறினா அடுத்த குறைப்பு, ஏறல்ல என்டா அங்கயே நிக்கணும்.

கச்சான் காத்துக் காலத்தில "தண்ணியாவது குடுப்பமே" என்டு கேப்பாங்க. தாய்ப்பால்ல நூத்துக்கு 87 பங்கு தண்ணிதான், ஆறு மாசத்துக்கு அது காணும், வெக்கைக்கு ரெண்டு தரம் கூடுதலாப் பால் குடுத்தாச் சரி. கொதிச்சாறின தண்ணி வயிற நிரப்பும், பசிய அடைக்கும், சப்புறதக் குறைக்கும், மார்புக்கு அதுவும் போத்தல் மாதிரித்தான்.

நாலாம் மாசத்தில புள்ள நம்மட கோப்பையப் பாத்து வாய அசைச்சா "சோறு கேக்குது" என்பாங்க. அது வேடிக்கை பாக்கிறது. ஆறு மாசம் முடியிற நேரந்தான் பிறக்கக்குள்ள கொண்டு வந்த இரும்புச்சத்துத் தீர்ந்து வரும், தாய்ப்பால்ல அது குறைவு, தலைய நேரா வைச்சு நிமிந்து இருக்கவும் நாக்கால வெளியில தள்ளாம விழுங்கவும் அப்பதான் ஏலும். அப்ப சோத்தக் குழைய வேகவைச்சு மசிச்சு, ரெண்டு மூணு தேக்கரண்டியில தொடங்கி, சில நாளுக்குள்ள பருப்பு, மீன், முட்டை, ஈரல் என்டு சேருங்க. கரண்டியச் சரிச்சா வழிஞ்சு ஓடுறது கஞ்சித் தண்ணி, அதில வயிறு நிறையும், சத்து இருக்காது, கரண்டியிலயே ஒட்டி நிக்கிற பதம் வேணும். தேன் ஒரு வயசுக்கு முன்ன வேணாம். பால நிப்பாட்டாதீங்க, ரெண்டு வயசும் அதுக்கு மேலயும் குடுக்கலாம், ஆரம்பத்தில பால் குடுத்த பிறகுதான் சாப்பாடு.