இன்டர்ன்ஷிப் ஆஃபர் வந்தால் உடனே ‘ஓகே சார்’ போடாதீர்கள்

இந்த செமஸ்டரிலும் ஒரு மாணவர் ஆஃபர் லெட்டரோடு வந்து நின்றார். ‘செயல்பாட்டைப் பொறுத்து மாதம் 10,000 ரூபாய் வரை’ என்று அதில் இருந்தது. மூன்று மாதம் முடிந்துவிட்டது, வந்தது ஒரே ஒரு முறை 4,000 ரூபாய். அந்தச் செயல்பாட்டை யார், எப்போது, எதை வைத்து அளப்பார்கள் என்று லெட்டரில் ஒரு வரி கிடையாது. சேரும்போதே கேட்டிருக்கலாமே என்றால், கல்லூரி பிளேஸ்மென்ட் அறையில் நான் வருடம் முழுக்கக் கேட்கும் அதே பதில்தான்: “கேட்டால் ஆஃபரை கேன்சல் பண்ணிடுவாங்க சார்.”

பண்ண மாட்டார்கள். ஆஃபர் உங்கள் கைக்கு வருவதற்குள் ஒரு மேனேஜர் உங்களைத் தேர்ந்தெடுத்து, பட்ஜெட்டுக்கு ஒப்புதல் வாங்கி, எச்.ஆர். லெட்டர் தயாரித்திருப்பார். உங்களை விட்டால் அடுத்த ஆளைத் தேட வேண்டும், திரும்ப இன்டர்வியூ வைக்க வேண்டும். மரியாதையான ஒரு மெயிலுக்காக யாரும் அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வதில்லை. ஆஃபர் கெடுவதை வேறு விதங்களில் பார்த்திருக்கிறேன்: ஒப்புக்கொண்ட பிறகு பேரம் பேசுவது, தினம் ஒரு கோரிக்கை வைப்பது, “என் ஃப்ரெண்டுக்கு இருபதாயிரம் தர்றாங்க” என்று ஆரம்பிப்பது. “ஸ்டைபெண்ட் எந்தத் தேதியில் வரும்?” என்ற கேள்விக்கே முகம் சுளிக்கும் கம்பெனி என்றால், அது சேருவதற்கு முன்பே தெரிந்தது நல்லதுதான்.

சட்டத்தைக் காட்டலாம் என்று சிலர் வருகிறார்கள். 1961ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின்படி பதிவு செய்யப்படும் பயிற்சியாளர்களுக்குத்தான் குறைந்தபட்சத் தொகை உண்டு. கல்லூரி மாணவர் போகும் சாதாரண இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் அதில் வராது. அதனால் பேசித்தான் வாங்க வேண்டும்.

பேசும்போது தொகையிலேயே முட்டிக்கொண்டு நிற்காதீர்கள். எல்லா இன்டர்னுக்கும் ஒரே தொகை என்று பல கம்பெனிகள் முன்பே முடிவு செய்துவிடும். எச்.ஆர். நினைத்தாலும் மாற்ற முடியாது. காலம், விடுப்பு, வேலை இவற்றில் இடம் இருக்கும். அவை கம்பெனிக்குப் பெரிய செலவு வைப்பதில்லை.

ஈரோட்டு மாணவி ஒருவருக்குச் சென்னை ஓ.எம்.ஆர். கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் டீமில் ஆறு மாதம், மாதம் 8,000 ரூபாய் ஆஃபர். சாப்பாட்டோடு பி.ஜி. விடுதி 7,500, பஸ் பாஸ் 1,000. மாதம் 500 துண்டு விழும், ஆறு மாதத்துக்கு 3,000. இந்தக் கணக்கைக் காட்டி 12,000 கேட்டார். எல்லோருக்கும் 8,000தான் என்று பதில் வந்தது. சரி என்று விட்டுவிடாமல் இன்னொரு மெயில் போட்டார்: நான்கு மாதம் இதே தொகையில் வருகிறேன், என் வேலை பிடித்திருந்தால் இரண்டு மாதம் நீட்டிப்போம், அப்போது 12,000 தர முடியுமா? கூடவே, கல்லூரி புராஜெக்ட் ரிவ்யூ நாட்களுக்குப் பிடித்தம் வேண்டாம் என்றும் கேட்டார். நீட்டிப்புக்கு 10,000 என்று முடிந்தது, விடுப்புக்கும் சம்மதித்தார்கள். முதல் நான்கு மாதத்தில் 2,000 கைக்காசு போனது, கடைசி இரண்டு மாதத்தில் 3,000 மிஞ்சியது. நான்கு மாதம் எங்கள் கல்லூரிக் கணக்குக்குப் போதும். உங்கள் கல்லூரியில் எத்தனை வாரம் வேண்டும் என்று விசாரிக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள், கிரெடிட் போய்விடும்.

வேலை பற்றி எச்.ஆரிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்குத் தெரியாது. இன்டர்வியூவில் மேனேஜரிடம் கேளுங்கள். “என்ன கற்றுக்கொள்ளலாம்?” என்றால் “எல்லாமே” என்பார். “இதற்கு முன் இருந்த இன்டர்ன் கடைசி மாதத்தில் என்ன செய்தார்? நான் எழுதும் கோடிங்கை யார் பார்த்துத் திருத்துவார்?” என்று கேளுங்கள். இதற்குப் பதில் தடுமாறினால் ஆறு மாதம் எக்செல் ஷீட் நிரப்பப் போகிறீர்கள் என்று அர்த்தம். அந்த மாணவி முதல் மாதம் மேனுவல் டெஸ்டிங், இரண்டாம் மாதத்திலிருந்து டெஸ்டிங்கைத் தானாக ஓட்டும் செலினியம் ஸ்கிரிப்ட், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சீனியர் பார்த்துத் திருத்துவது என்று பேசி முடித்தார்.

பேசியதை அன்றே மெயிலில் எழுதிவிடுங்கள்: “நாம் பேசியபடி காலம் இது, தொகை இது, வரும் தேதி இது, வேலை இது, தவறாக இருந்தால் திருத்துங்கள்.” போனில் சொன்னது மேனேஜர் மாறினால் காற்றோடு போய்விடும்.

பயிற்சிக் கட்டணம், டெபாசிட் என்று காசு கேட்டால் பேரம் பேச அங்கே ஒன்றுமில்லை, எழுந்து வாருங்கள். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் கொடுக்காதீர்கள். பெற்றோரிடமும் சொல்லி வையுங்கள், அவர்கள்தான் பயந்துபோய்க் கொடுக்கிறார்கள்.

சேர்ந்த பிறகு முதல் மாத ஸ்டைபெண்ட் சொன்ன தேதியில் வரவில்லையா? ஒரு வாரம் பாருங்கள், மெயில் போடுங்கள், பிளேஸ்மென்ட் ஆபீசருக்கு காப்பி வையுங்கள். மூன்றாம் மாதம் வந்து சொன்னால் எங்களால் செய்ய முடிவது ரொம்பக் குறைவு. முதல் மாதத்திலேயே வாங்கப்பா.