பச்சைப் புள்ளி வானத்தில் இல்லை

மாசிக் கடைசியில் ஒரு நாள் காலை, தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டும் தம்பி ஒருவன் ஒரு படம் அனுப்பினான். பின்னாலேயே குரல் செய்தி: "அண்ணே, சூரியனைச் சுத்தி வானவில் வந்திருக்கு. கீழே பச்சையா என்னமோ பறக்குது. வண்டியில வந்தவங்க எல்லாம் பயப்படுறாங்க. என்னண்ணே இது?"

ராமநாதபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்கு இது புதிதில்லை. மாதம் இரண்டு படமாவது இப்படி வரும். கடலோரத்தில் வானம் மறைப்பில்லாமல் விரிந்து கிடக்கிறது, எல்லார் கையிலும் போன் இருக்கிறது, அப்புறம் என்ன? இந்தப் படத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரே படத்துக்குள் இரண்டு வேறு வேறு சமாச்சாரம் இருந்தது.

காலை 8:45க்கு எடுத்த படம். அடியில் கடல் ஒரு நூல் அளவுக்குத் தெரிகிறது. சூரியன் நடுவிலிருந்து கொஞ்சம் வலது மேலே. அதைச் சுற்றி பெரிய வட்டம், மேல்பகுதி மட்டும் ஃபிரேமில் வெட்டுப்பட்டிருக்கிறது. இடது கீழே ஒரு பச்சைப் புள்ளி.

முதலில் வட்டம். நம் ஊரில் 'கோட்டை கட்டியிருக்கு' என்பார்களே, அதுதான். மழைத்துளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பல கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய வெள்ளைப் படலமாக மேகம் பரவியிருக்கும். ராமநாதபுரத்து வெயிலிலும் அந்த உயரத்தில் கடுங்குளிர்தான், அதனால் அந்த மேகம் முழுக்கப் பொடிப்பொடியான பனிப்படிகம். படிகம் பென்சில் மாதிரி ஆறு பட்டை கொண்டது. ஒரு பட்டையில் நுழையும் ஒளி, பக்கத்துப் பட்டையை விட்டு அதற்கு அடுத்த பட்டை வழியாக வெளியேறும்போது, குறைந்தபட்சம் சுமார் 22 டிகிரி திரும்பிவிடும். அதைவிடக் குறைவாகத் திரும்ப வழியே இல்லை. அதனால்தான் சூரியனிலிருந்து 22 டிகிரி தள்ளி வட்டம் பளிச்சென்று விழுகிறது, உள்பக்க வானம் கொஞ்சம் இருட்டாகத் தெரிகிறது. நிறங்களில் சிவப்புதான் குறைவாகத் திரும்பும், ஆகவே வட்டத்தின் உள்விளிம்பில் சிவப்பு. கையை முழுக்க நீட்டி விரல்களை விரித்தால், கட்டை விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனி வரை ஏறக்குறைய 22 டிகிரி இருக்கும். கட்டை விரலால் சூரியனை மறைத்தால் சுண்டு விரல் வட்டத்தைத் தொடும்.

"அப்ப வானவில் இல்லையாண்ணே?" இல்லை. வானவில் சூரியனைச் சுற்றி வரவே வராது. அது சூரியனுக்கு நேரெதிர்ப் பக்கம், நம் முதுகில் வெயில் அடிக்கும்போது எதிரே பெய்யும் மழையில் தோன்றுவது. நம் தலையின் நிழல் விழும் திசையை மையமாக வைத்து 42 டிகிரியில் அதன் வளைவு. அதில் சிவப்பு வெளிப்பக்கம். இந்தத் தம்பி படம் எடுத்த நேரத்தில் சூரியன் ஏறக்குறைய 35 டிகிரி உயரத்தில் இருந்தது. அப்போது வானவில் வந்திருந்தால் மேற்கே, ராமேஸ்வரம் பக்கம், அதிகபட்சம் 7 டிகிரி உயரத்துக்குத் தாழ்வாக வந்திருக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த முஷ்டி உயரம்கூட இல்லை. சூரியன் 42 டிகிரியைத் தாண்டிவிட்டால் தரையில் நிற்பவருக்கு அதுவும் கிடையாது. நம்ம ஊர் மழைக்காலமான ஐப்பசி, கார்த்திகையில் காலை பத்து மணிக்கு மேல் மதியம் இரண்டரை வரை வானவில் என்று யாராவது படம் அனுப்பினால், அது வேறு ஏதோ என்று படத்தைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

இனி பச்சைப் புள்ளி. போன் லென்ஸ் ஒரே கண்ணாடி இல்லை, பல சின்ன லென்ஸ்கள் வரிசையாக அடுக்கியது. சூரியன் மாதிரி கடுமையான ஒளி உள்ளே வந்தால், கொஞ்சம் சென்சாரில் பட்டுத் திரும்பி, லென்ஸ் பரப்பில் மோதி, மறுபடி சென்சாரில் வந்து விழும். இதைத்தான் ஃபிளேர் என்கிறோம். கண்ணாடியில் எதிரொளிப்பைக் குறைக்கப் பூசும் பூச்சு எல்லா நிறத்தையும் ஒரே அளவில் தடுக்காது. மிச்சம் தப்பி வருவதுதான் பச்சையோ ஊதாவோ ஆகத் தெரிகிறது.

இந்தப் புள்ளிக்கு ஒரு குணம் உண்டு: படத்தின் நடுப்புள்ளியைத் தாண்டி, சூரியனுக்கு நேரெதிரே விழும். கணக்குப் போட்டே பார்த்தேன். படம் 4000 பிக்சல் அகலம், 3000 உயரம். நடு என்பது 2000, 1500. சூரியன் இடமிருந்து 2600, மேலிருந்து 1000. அதாவது நடுவிலிருந்து 600 வலது, 500 மேலே. அப்படியானால் புள்ளி 600 இடது, 500 கீழே, அதாவது 1400, 2000ல் இருக்க வேண்டும். கர்சரை வைத்துப் பார்த்தால் 1410, 1985. பத்து பதினைந்து பிக்சல் வித்தியாசம் பெரிசில்லை, போன் கை நடுக்கத்தைச் சரிசெய்யும்போது லென்ஸ் லேசாக நகரும்.

ஒரு எச்சரிக்கை. ஓரத்தை வெட்டிய படத்திலும் ஸ்க்ரீன்ஷாட்டிலும் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும், நடுப்புள்ளியே இடம் மாறிவிடுகிறதே. அதனால்தான் நான் எப்போதும் ஒரிஜினலை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்'டாக அனுப்பச் சொல்வேன். எடுத்த நேரமும் அப்போதுதான் அழியாமல் வரும்.

வேனில் வந்த ஒருவர், "வட்டம் சரியான வட்டமா இல்ல, வலது பக்கம் இழுத்த மாதிரி இருக்கு, இது எடிட் பண்ணது" என்றாராம். எடிட் இல்லை. அகலக் கோண லென்ஸ் ஓரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும். இந்தப் படத்தில் வட்டத்தின் இடது ஆரம் சுமார் 1170 பிக்சல், வலது ஆரம் 1370. வலது பக்கம் ஃபிரேம் ஓரத்துக்குப் போனதால் வந்த வித்தியாசம் இது. கல்யாண குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் சித்தப்பா குண்டாகத் தெரிவதும் இதனால்தான்.

கண்ணாடிப் பிரதிபலிப்பு இந்தப் படத்தில் இல்லை, ஆனால் பாம்பன் பாலத்து ரயிலிலிருந்து வரும் படங்களில் அதுதான் அதிகம். கடலுக்கு மேலே வரிசையாக மூன்று வெள்ளைக் கோடு மிதக்கும். பெட்டிக்குள் எரியும் விளக்கு ஜன்னல் கண்ணாடியில் பட்டு வருவது அது. ஏசி பெட்டியில் இரட்டைக் கண்ணாடி, அதனால் ஒவ்வொரு கோட்டுக்கும் லேசாக விலகி இன்னொரு கோடு சேர்ந்து தெரியும். அந்த இரட்டையைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி, சுற்றிக் கையால் மூடி எடுத்தால் கோடு காணாமல் போகும்.

சரி, தம்பிக்கு இத்தனையையும் போனில் சொன்னால் விளங்குமா? "வட்டம் இன்னும் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்குண்ணே." "அந்த இடிஞ்ச சர்ச் சுவர் நிழல்ல நில்லு. சுவர் விளிம்பு சூரியனை மட்டும் மறைக்கிற மாதிரி நின்னு, திரும்ப எடு. சூரியனை நேரா பார்க்காத." ஐந்து நிமிடத்தில் இரண்டாவது படம் வந்தது. வட்டம் அப்படியே இருந்தது. பச்சைப் புள்ளி இல்லை. சூரியன் நேராக லென்ஸுக்குள் வந்தால்தானே அது பிறக்கும்.

வட்டம் வந்ததால் புயல் வருமா என்றும் கேட்டான். 'அகல வட்டம் பகல் மழை' என்று பெரியவர்கள் சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, மழை மேகக் கூட்டத்துக்கு முன்னால் இந்தப் பனிப்படலம் பரவுவது உண்டு. ஆனால் மழையே இல்லாமல் வட்டம் கட்டிக் கலைந்துபோகும் நாளும் ஏராளம். கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதை வானிலை மைய அறிவிப்பையும் பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் கூண்டையும் பார்த்து முடிவு செய்யட்டும், போட்டோவைப் பார்த்து வேண்டாம்.

"புள்ளி இல்லாம, சூரியனும் தெரிய எடுக்க முடியாதாண்ணே?" முடியும். சூரியனை ஃபிரேமின் நட்டநடுவில் வைத்தால், எதிரே விழ வேண்டிய புள்ளி சூரியன் மேலேயே விழுந்து அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடும். நடுவில் வைத்தால் வட்டமும் வெட்டுப்படாது. மறுநாள் அவன் அப்படியே முயற்சி செய்யப் போனான். வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்ததாம், வட்டம் இல்லை.