350 ரூபாய் குறைந்ததால் திரும்பிய தவணை: என்னென்ன பிடிப்பார்கள், சிபிலில் என்ன ஏறும்

நீலகிரியில் இலைக்குப் பணம் எந்தத் தேதியில் வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த மாதம் ஃபேக்டரிக்குக் கொடுத்த பச்சைத் தேயிலைக்கு அடுத்த மாதம்தான் கணக்குத் தீரும். அதுவும் சில மாதம் பத்தாம் தேதி, சில மாதம் இருபது. ஆனால் வண்டிக் கடனின் தவணைத் தேதி ஐந்து என்றால் ஐந்துதான். கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் பக்கத்தில் இந்த இடைவெளியால் தவணை திரும்பிவிடுவது உண்டு. அப்படித் திரும்பினால் பணம் எந்தெந்த வழியில் போகிறது, கடன் பதிவில் எது ஏறும், எது ஏறாது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ரூபாய்க் கணக்கு உதாரணத்துக்காக வைத்துக்கொண்டது. விதிகள் ரிசர்வ் வங்கியுடையவை.

கோத்தகிரியைச் சேர்ந்த ஒரு சிறு தேயிலை விவசாயி ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கி வண்டி எடுத்திருக்கிறார். மாதத் தவணை 6,450 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி அவருடைய வங்கிக் கணக்கில் தானாக எடுத்துக்கொள்ளும்படி மேண்டேட் கொடுத்திருக்கிறார். இந்த உத்தரவு ‘நாச்’ என்ற தேசிய அமைப்பு வழியாக வங்கிக்கு வருகிறது. 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் வாரத்தின் ஏழு நாளும் இயங்குகிறது. முன்பெல்லாம் ஐந்தாம் தேதி ஞாயிறாக இருந்தால் திங்கள்கிழமை பணம் போட்டுச் சமாளித்தார்கள். இப்போது அந்த ஒரு நாள் கிடைக்காது.

ஜூன் 5 காலையில் அவர் கணக்கில் இருந்தது 6,100 ரூபாய். குறைவது 350 மட்டும். ஆனால் இருப்பதை எடுத்துக்கொண்டு மீதியைப் பிறகு வாங்கும் வழி இதில் இல்லை. முழுத் தொகை இல்லையென்றால் உத்தரவு அப்படியே திரும்பிவிடும். அவர் பதறிப்போய் தம்பியிடம் 400 ரூபாய் வாங்கி, அன்று சாயங்காலமே கணக்கில் போட்டுவிட்டார். இப்போது 6,500 இருக்கிறது, நிறுவனம் மறுபடி எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தார்.

பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். தவணை திரும்பினால் இரண்டு பேர் கட்டணம் பிடிக்கிறார்கள். கடன் கொடுத்த நிறுவனம் ஒன்று, நம் கணக்கு இருக்கும் வங்கி இன்னொன்று. இவர் வங்கியின் கட்டணம் 250 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 295. அதை வங்கி உடனே கழித்துவிட்டது. 6,500 இப்போது 6,205. ஜூன் 8 அன்று நிறுவனம் இரண்டாவது முறை உத்தரவு அனுப்பியது. தவணைக்கு 245 ரூபாய் குறைந்தது. அதுவும் திரும்பியது. வங்கி இன்னொரு 295 எடுத்தது. கணக்கில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் இந்தக் கட்டணம் தப்பாது. நிலுவையாக நின்று, அடுத்து இலைப் பணம் ஏறியதும் முதலில் கழியும்.

ஆகவே ஒருமுறை திரும்பிய பிறகு குறைந்த தொகையை மட்டும் போட்டு ஈடுகட்ட முடியாது. தவணையோடு வங்கிக் கட்டணத்துக்கும் சேர்த்து, இரண்டு முறை பிடித்தாலும் தாங்கும் அளவுக்குப் போட வேண்டும். அதைவிட நல்லது, நிறுவனத்தின் செயலியிலோ கிளையிலோ நேராகக் கட்டி ரசீது வாங்குவது. அப்படிக் கட்டினால், மறுபடி அனுப்பவிருக்கும் உத்தரவை நிறுத்தச் சொல்லியும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒரே தவணை இரண்டு முறை போய்விடக்கூடும்.

இனி நிறுவனத்தின் பக்கம். இவருடைய ஒப்பந்தத்தில் பவுன்ஸ் கட்டணம் ஒரு முறைக்கு 500 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 590. இரண்டு முறைக்கு 1,180. அதற்கு மேல், தாமதமான நாட்களுக்கு அபராதக் கட்டணம் வருடத்துக்கு 24 சதவீதம். அவர் ஜூன் 13 அன்று கட்டுவதாக வைத்தால் எட்டு நாளுக்கு 34 ரூபாய். எல்லாம் கூட்டினால் வங்கிக்கு 590, நிறுவனத்துக்கு 1,214, மொத்தம் 1,804 ரூபாய். 350 ரூபாய் இல்லாததற்கு இவ்வளவு.

இதில் அபராதக் கட்டணத்துக்கு மட்டும் கடன் வாங்கியவர் பக்கம் நிற்கும் ஒரு நல்ல விதி இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தவணை தவறியதற்காக வட்டி விகிதத்தை ஏற்றக்கூடாது. தனியாக அபராதக் கட்டணம் என்றுதான் போட வேண்டும். அந்தக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது. நினைவூட்டல் அனுப்பும்போதெல்லாம் எவ்வளவு அபராதம் என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் புதிய கடன்களுக்கு இது நடைமுறையில் இருக்கிறது. பழைய கடன்களும் அதே ஆண்டு ஜூன் 30க்குள் இதற்கு மாறியிருக்க வேண்டும். இந்த அபராதக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியும் விட்டது. உங்கள் கணக்கு விவரத்தில் அபராதத்துக்கு 18 சதவீதம் சேர்த்திருந்தால் கேளுங்கள்.

பவுன்ஸ் கட்டணம் எவ்வளவு என்பதை ‘முக்கிய விவர அறிக்கை’யில் பாருங்கள். கே.எஃப்.எஸ். என்று ஊழியர்கள் சொல்வது இதைத்தான். 2024 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ தனிநபருக்கோ சிறு தொழிலுக்கோ கொடுத்த தவணைக் கடன் என்றால் இந்த அறிக்கையை, வாங்குபவருக்குப் புரியும் மொழியில், நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டும். தமிழில் கேட்டு வாங்கலாம். அதில் எழுதாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் இடையில் பிடிக்க முடியாது. உதாரணக்காரர் கேட்க வேண்டியது இரண்டாவது 590ஐப் பற்றித்தான்: ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கட்டணம் என்று அறிக்கையில் இருக்கிறதா, தவணை ஒன்றுக்கு என்று இருக்கிறதா? தவணை ஒன்றுக்கு என்றால் அந்த 590 திரும்ப வர வேண்டும்.

இனி சிபில். பலரும் சிபில் என்று ஒரே பெயரில் சொன்னாலும், இந்தியாவில் கடன் பதிவு வைத்திருக்கும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். இவற்றின் அறிக்கையில் உத்தரவு திரும்பியது என்பதற்குத் தனி இடம் இல்லை. அங்கே ஏறுவது, கட்ட வேண்டிய தேதி கடந்து எத்தனை நாள் ஆயிற்று என்ற எண். `DPD` என்ற தலைப்பில் மாதத்துக்கு ஒரு கட்டம் வீதம் 36 மாதம் வரை தெரியும். பாக்கி இல்லாத மாதத்தில் `000` என்று இருக்கும். 25 நாள் பாக்கி என்றால் `025`.

2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கடன் கொடுத்தவர்கள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதாவது 15ஆம் தேதி நிலவரத்தையும் மாதக் கடைசி நிலவரத்தையும் அனுப்ப வேண்டும். ஜூன் 5இல் திரும்பிய தவணையை எல்லாக் கட்டணத்தோடும் 13ஆம் தேதி முழுதாகத் தீர்த்துவிட்டால், 15ஆம் தேதி எடுக்கும் கணக்கில் பாக்கி இருக்காது. ஆனால் வங்கிக் கணக்கு விவரத்தில் தவணை திரும்பிய பதிவு அப்படியே இருக்கும். அடுத்த கடனுக்கு ஆறு மாத ஸ்டேட்மெண்ட் கேட்பவர் அதைப் பார்ப்பார்.

நம் விவசாயி 12ஆம் தேதி இலைப் பணம் ஏறியதும், 13ஆம் தேதி செயலியில் 6,450 மட்டும் கட்டினார். தவணை எவ்வளவோ அவ்வளவு கட்டியாயிற்று என்பது அவர் நினைப்பு. பல ஒப்பந்தங்களில் வரும் பணம் முதலில் கட்டணங்களுக்கு, பிறகு வட்டிக்கு, கடைசியில் அசலுக்கு என்று வரிசை எழுதியிருக்கும். இவர் ஒப்பந்தமும் அப்படித்தான். கட்டிய 6,450இல் 1,214 கட்டணத்துக்குப் போனது. ஜூன் தவணையில் 1,214 பாக்கி நின்றது. ஜூன் 15 நிலவரத்தில் 10 நாள், ஜூன் 30இல் 25 நாள். ஜூலை 5இல் தவணை ஒழுங்காகப் போகிறது. அதில் 1,214 ஜூன் பாக்கிக்குப் போய், இப்போது ஜூலை தவணை குறைகிறது. ஜூலை 31இல் 26 நாள். மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கிறது, கட்டத்தில் மட்டும் `000` வரவே இல்லை. ஒரு வருடம் கழித்துப் பயிர்ச் செலவுக்கோ வீட்டுக்கோ கடன் கேட்டால், ஒருநாள் தவறிய மனிதர் பன்னிரண்டு மாதம் தவறியவராகத் தெரிவார். அபராதமும் மெல்லக் கூடிக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து எளிது. கட்டுவதற்கு முன்னால், “இன்றைய தேதிக்கு மொத்தப் பாக்கி எவ்வளவு, கட்டணத்தோடு சேர்த்துச் சொல்லுங்க” என்று கேட்டு, அதை மெசேஜிலோ மின்னஞ்சலிலோ வாங்கி, அந்த முழுத் தொகையைக் கட்டுங்கள். ஒரு வாரம் கழித்துக் கடன் கணக்கு விவரம் எடுத்து, பாக்கி பூஜ்யமா என்று பாருங்கள். கட்டணத்தில் தகராறு இருந்தாலும் முதலில் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்பதே நல்லது. தகராறு நடக்கும்போதும் நாட்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

சில நிறுவனங்கள் கட்டணத்தைத் தனிக் கணக்கில் வைத்துவிட்டு, பணத்தை முதலில் தவணைக்கே வரவு வைக்கும். அங்கே `DPD` கெடாது. ஆனால் கடன் முடியும் நாளில் சேர்ந்து நிற்கும் கட்டணத்தைக் கட்டாமல், கடன் பாக்கி இல்லை என்ற என்ஓசி சான்று தரமாட்டார்கள். அது இல்லாமல் ஆர்சி புத்தகத்திலிருந்து நிறுவனத்தின் பெயரை ஆர்டிஓ அலுவலகத்தில் நீக்க முடியாது.

பாக்கி 30 நாளைத் தாண்டினாலும் 60 நாளைத் தாண்டினாலும் நிலை ஒவ்வொரு படியாக மோசமாகிறது. 90 நாளைத் தாண்டினால் வாராக் கடன். அந்தப் பட்டியலுக்குப் போன பிறகு ஒரு தவணை, இரண்டு தவணை கட்டி வெளியே வர முடியாது. பழைய பாக்கி முழுவதையும் கட்டினால்தான் ஒழுங்கான கடனாக மாற்றுவார்கள்.

நான்கு நிறுவனங்களிடமும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். அதில் தவறான நாட்கள் இருந்தால் அவர்களின் இணையதளத்திலேயே ரசீதோடு புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு. அதற்கும் பலன் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் `cms.rbi.org.in` தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. உண்மையாகவே தாமதமான நாட்களை யாராலும் அழிக்க முடியாது. “சிபிலைச் சரிசெய்து தருகிறேன்” என்று பணம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள்.

தவணைத் தேதியை மாற்றவும் கேட்கலாம். கடன் வாங்கும் அன்றே, இலைப் பணம் வழக்கமாக ஏறும் தேதிக்கு அப்பால் ஒரு தேதியைக் கேட்பது சுலபம். இடையில் கேட்டால் சில நிறுவனங்கள் மாற்றித் தரும், கூடுதல் நாட்களுக்கு வட்டி வாங்கிக்கொண்டு புது மேண்டேட் கேட்கும். பழைய மேண்டேட் ரத்தாகிவிட்டது என்று எழுத்தில் வாங்கும்வரை, இரண்டு தேதிகளிலும் கணக்கைப் பார்த்துக்கொண்டிருங்கள்.