கரைவலைக்கு முப்பது சரணம், காதுக்கு இரண்டு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகளைக் கட்டிப் போட்டிருக்கும் அந்த 61 நாளும் என் ரெக்கார்டிங் அறைக்கு சீசன். கடலுக்குப் போகாத தம்பிகள் நோட்டும் கையுமாக வந்துவிடுவார்கள். ஆசையாக எழுதிக்கொண்டுதான் வருகிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் போன வாரம் வந்த தம்பி இந்த சீசனில் ஏழாவது ஆள். ஏழு பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வாக்கியத்தோடுதான் வந்தார்கள்: “அண்ணே, மூணு நிமிசப் பாட்டு. நாலு சரணம் இருக்கு.”

இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன். நேரத்துக்குக் காசு வாங்குகிறவன் நான். பாட்டு நீண்டால் எனக்கு லாபம்தான் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அந்தத் தம்பியின் பாட்டு நல்ல பாட்டு. கடலில் பாசி எடுக்கப் போகிற அம்மாவைப் பற்றியது. பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்குகிறாளே, அந்த அம்மா. பல்லவி நான்கு அடி, சரணம் ஒவ்வொன்றும் எட்டு அடி. டெம்போ 96 என்று அவனே போனில் தட்டிப் பார்த்து வைத்திருந்தான். சரி, கணக்குப் போடுவோம் என்று உட்கார்ந்தோம்.

டெம்போ 96 என்றால் நிமிடத்துக்கு 96 தட்டு. நான்கு தட்டு சேர்ந்தால் ஒரு பார், அதாவது இரண்டரை விநாடி. அவன் எழுதிய அடி ஒவ்வொன்றும் இரண்டு பார் பிடித்தது, ஐந்து விநாடி. ஆரம்ப இசை அவன் கேட்டபடி 40 விநாடி. பல்லவி இரண்டு தடவை, இன்னொரு 40. எட்டு அடிச் சரணம் ஒன்றுக்கு 40 என்று நான்குக்கும் 160. சரணம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் 20 விநாடி இடையிசை, பின்னால் 20 விநாடி பல்லவி, இரண்டும் சேர்ந்து இன்னொரு 160. மொத்தம் 400 விநாடி. ஆறு நிமிடம் நாற்பது விநாடி!

“அப்ப டெம்போவக் கூட்டிருவோம்ணே” என்றான். 110 வைத்தாலும் ஐந்தே முக்கால் நிமிடத்துக்குக் கீழே வராது. மூன்று நிமிடத்துக்குள் வர வேண்டுமானால் 214 வைக்க வேண்டும். அந்த வேகத்தில் அம்மாவைப் பற்றிப் பாட முடியாது, கோழிதான் விரட்டலாம். அதோடு, வேகம் கூடினால் பாடுகிறவருக்கு மூச்சு எடுக்க இடம் இருக்காது. அடியின் கடைசி அசையை விழுங்குவார்கள். வார்த்தை புரியவில்லை என்று அப்புறம் மிக்சிங் செய்கிறவனைத்தான் திட்டுவீர்கள்.

அடுத்து வந்தது எனக்கு ஆகவே ஆகாத வாதம். “எங்க தாத்தா கரைவலைக்கு அம்பா பாடுவாரு. முப்பது சரணம் போகும். ஒரு ஆளு எந்திரிச்சுப் போனதில்ல.”

எப்படி எழுந்து போவான்? கையில் வலைக்கயிறு இருக்கிறதே! அம்பா உட்கார்ந்து கேட்கிற பாட்டில்லை, இழுக்கிற பாட்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்ற எல்லாரும் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். பாடுகிறவனும் கேட்கிறவனும் ஒரே ஆள். அதன் நீளத்தைத் தீர்மானிப்பது வலை. மீன் சேர்கிற வலைப்பையான மடி கரைக்கு வந்ததும் பாட்டு நின்றுவிடும். வலை சீக்கிரம் வந்தால் பத்து, கனத்தால் நாற்பது. எந்தச் சரணத்தை விட்டாலும் எதை முன்பின் மாற்றினாலும் ஒன்றும் கெடாது, ஏனென்றால் அங்கே தேவை கைகளுக்குத் தாளம். கும்மிக்கும் கோயில் ஊர்வலப் பாட்டுக்கும் இதே நியாயம்தான். உன் பாட்டைக் கேட்கப் போகிறவன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். அவன் கையில் கயிறு இல்லை, போன் இருக்கிறது. கட்டை விரல் சும்மாதான் இருக்கிறது. அம்பாவிலிருந்து மெட்டை எடுங்கள், அந்த ‘ஏலேலோ’வை எடுங்கள், நானே கேட்டு ரசிப்பேன். சரணக் கணக்கை மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள்.

சரி, வெட்ட வேண்டும். எதை? அவனிடம் சொல்லாமல் இரண்டாம் சரணத்தையும் மூன்றாம் சரணத்தையும் இடம் மாற்றிப் பாடிக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டான். மாற்றியதை அவனே கவனிக்கவில்லை. எழுதியவனுக்கே தெரியவில்லை என்றால் அந்த இரண்டும் கதையை நகர்த்தவில்லை என்று அர்த்தம். இரண்டாவது, அம்மாவின் கைப்புண். முதல் சரணத்தில் விரல்துணி வந்தபோதே அது வந்துவிட்டது. மூன்றாவது, வியாபாரி எடை குறைப்பது. அதற்கு ஒரே ஒரு அடி போதும், முதல் சரணத்திலேயே வைத்துக்கொள்ளலாம். நான்காவதில்தான் மகன் வருகிறான், பாட்டு திரும்புகிறது. ஆக, முதலும் நான்கும்.

மூன்று நிமிடத்துக்கு 72 பார். கையில் இருக்கும் பணம் அவ்வளவுதான். ஆரம்ப இசைக்கு 4 பார், பத்தாவது விநாடியில் குரல் வந்துவிட வேண்டும். பல்லவி 8, அதன் முதல் இரண்டு அடியை மட்டும் திருப்ப 4. இடையிசை 8. முதல் சரணத்தை எட்டு அடியிலிருந்து ஆறாகக் குறைத்து 12. பல்லவி 8. இரண்டாவது இடையிசை 4. இரண்டாம் சரணம் நான்கே அடி, 8. பல்லவி 8, மறுபடி திருப்ப 4. முடிப்பு இசை 4. கூட்டினால் சரியாக 72.

இரண்டாம் சரணம் ஏன் சின்னது என்று சண்டை போட்டான். முதல் சரணத்தில் மெட்டும் புதிது, சேதியும் புதிது. இரண்டாவதில் மெட்டு பழகிவிட்டது, சேதி மட்டும்தான் புதிது. அதனால் நடு இரண்டு அடியை எடுத்துவிட்டு, மெட்டு மேலே ஏறிப் பல்லவியைப் பிடிக்கிற கடைசி இரண்டு அடிக்கு நேராகப் போய்விடலாம். கேட்கிறவன் எதிர்பார்ப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே பல்லவி வந்து விழும். இதே காரணத்தால்தான் இரண்டாவது இடையிசையும் பாதி.

இது 96க்கான கணக்கு. டெம்போ 80 என்றால் பார் மூன்று விநாடி, 60 பார்தான் கிடைக்கும். மெதுவான தாலாட்டு வகைக்கு ஒரு சரணமே போதும். 120 வைத்தால் 90 பார் கிடைக்கும். அப்போதும் மூன்றாம் சரணம் போடாதீர்கள், பல்லவியை இன்னொரு தடவை பாடுங்கள். ஊரில் நாலு பேர் முணுமுணுக்கப் போவது அதைத்தான்.

வருகிறவர்கள் தயவுசெய்து டெம்போவை வைத்து அடியை எண்ணிக்கொண்டு வாருங்கள். வாயால் பாடி, போனில் நேரம் பாருங்கள், மனதுக்குள் ஓட்டிப் பார்க்காதீர்கள், மனதுக்குள் எல்லாப் பாட்டும் வேகமாகத்தான் ஓடும். பாட்டைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். “நல்லாருக்கு” என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். எந்த விநாடியில் அவர் கண் வேறு பக்கம் போகிறது என்று பாருங்கள், வெட்ட வேண்டிய இடம் பெரும்பாலும் அதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும்.

தம்பியின் பாட்டு 3:02க்கு முடிந்தது. கடைசித் தட்டின் எதிரொலி அடங்க எடுத்த இரண்டு விநாடியை நான் வெட்டவில்லை. எடுத்துவிட்ட வியாபாரிச் சரணத்தை என்ன செய்வது என்று கேட்டான். அதில் கோபம் நிறைய இருந்தது, தனிப் பாட்டாகவே எழுதிக்கொண்டு வா என்றேன். நேற்று வந்தான். ஐந்து சரணம்.